இலவச பஸ் நேர ஆப் வெளியீடு: இந்த கேப்ஷன் சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க

ஒற்றைத்தடம்
வணக்கம். நானும் நண்பரும் சேர்ந்து உள்ளூர் பஸ் நேரம் காட்டும் ஆப் ஒன்று செய்திருக்கிறோம். தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் போகிறவர்களுக்கானது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அடுத்த வாரம் வெளியிடுகிறோம். இன்ஸ்டாவில் போடும் பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

> 🎉 வந்துவிட்டது! உங்கள் ஊரின் நம்பர் 1 பஸ் ஆப்! இனி காத்திருக்க வேண்டாம்! நேரலையில் பஸ் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள். முற்றிலும் இலவசம்! இன்றே டவுன்லோட் செய்யுங்கள்! 🚌🚌🚌

இதையே கொஞ்சம் சுருக்கி பிளே ஸ்டோரிலும் போடலாம் என்று எண்ணம். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

பரபர_பாண்டி
நல்லா இருக்கு ப்ரோ, எனர்ஜி இருக்கு. ஆனா ரொம்ப சின்னது. இன்ஸ்டால 2,200 எழுத்து வரைக்கும் இடம் தர்றாங்க, அதை ஏன் வீணாக்கணும்? ஆப்ல என்னென்ன வசதி இருக்கோ எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. டவுன்லோட் லிங்கையும் கேப்ஷன்லயே போட்டுடுங்க, தட்டினா நேரா ஸ்டோருக்குப் போயிடுவாங்க. இன்னொண்ணு, "இலவசம்"னு பிளே ஸ்டோர்ல எங்கயும் எழுதக்கூடாது, தூக்கிடுவாங்க.

ஜன்னலோரம்
47-ம் நம்பர் பஸ் காலைல எத்தனை மணிக்கு வருதுன்னு இதுல தெரியுமா? ஏழரைக்கு ஒண்ணு இருந்துச்சு, இப்ப அது வருதான்னே தெரியல. லிங்க் போடுங்க.

ஒற்றைத்தடம்
@ஜன்னலோரம் ஆப் இன்னும் வெளியாகவில்லைங்க. இது கேப்ஷன் பற்றிய இழை. வந்ததும் சொல்கிறேன்.

பழைய_டைம்கீப்பர்
தம்பி, கேப்ஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி. "நேரலையில் பஸ் எங்கே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியிலிருந்து ஜிபிஎஸ் தகவல் உங்களுக்கு வருகிறதா, இல்லை அச்சடித்த கால அட்டவணையை எடுத்து ஆப்பில் ஏற்றியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஒரே கேப்ஷன் எழுத முடியாது.

ஒற்றைத்தடம்
பெரும்பாலும் அட்டவணைதான் ஐயா. பஸ் நேரங்களைப் பகிர்வதற்கான ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் கோப்பாக வெளியிட்டிருக்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டோம். சில தடங்களுக்கு மட்டும் வண்டி இருக்குமிடத்தைச் சொல்லும் நேரலை ஊட்டு வருகிறது, வரைபடத்தில் வண்டி நகர்வது தெரியும். ஒரு ஆரம்பமாக இருக்கட்டுமே என்றுதான் அதை முன்னால் வைத்தேன்.

பழைய_டைம்கீப்பர்
அப்படியானால் அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அட்டவணையில் எல்லா நிறுத்தத்துக்கும் நேரம் குறிப்பதில்லை. புறப்படும் இடம், முடியும் இடம், நடுவில் ஓரிரண்டு முக்கிய நிறுத்தம், இவற்றுக்குத்தான் நேரம் இருக்கும். நாங்கள் வண்டி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் அந்த இடங்களில்தான். மற்ற நிறுத்தங்களுக்குக் கோப்பு தயாரிக்கிறவர் தூரத்தை வைத்து நேரத்தைப் பங்கிட்டுப் போடுவார். உங்கள் கோப்பைத் திறந்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
trip_id,arrival_time,departure_time,stop_id,stop_sequence,timepoint
T104,07:30:00,07:30:00,S01,1,1
T104,07:42:00,07:42:00,S05,5,0
T104,08:05:00,08:05:00,S12,12,1
```

கடைசிப் பத்தியில் 1 என்றால் உறுதியான நேரம், 0 என்றால் தோராயம். மொத்த ஓட்டம் 14 கிலோமீட்டர், 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது நிறுத்தம் 4.8 கிலோமீட்டரில் இருந்தால், கணக்குப்படி 12 நிமிடம், அதாவது 7.42. ஆனால் காலை ஏழரைக்கு முதல் பாதி வழி காலியாக இருக்கும், நெரிசல் எல்லாம் பின்பாதியில். நிஜத்தில் வண்டி 7.38-க்கே அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கும். முடியுமிடத்துக்கு 8.05-க்குச் சரியாகப் போய்ச் சேரும், பதிவேட்டில் "நேரத்துக்கு வந்தது" என்றே ஏறும். நடு நிறுத்தங்களில் உறுதியான நேரம் இல்லாததால் ஓட்டுநர் அங்கே நின்று காத்திருக்கவும் மாட்டார்.

உங்கள் ஆப்பை நம்பி 7.41-க்கு வந்து நின்றவருக்கு என்ன ஆகும்? வண்டி தாமதமானால் நாலு நிமிடம் கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். முன்கூட்டியே போய்விட்டால் அடுத்த வண்டி வரை நிற்க வேண்டும். "இனி காத்திருக்க வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதைத்தான் அப்போது அவர் நினைத்துக்கொள்வார்.

காலை_ஷிஃப்ட்
இது அப்படியே என் கதை. வேறு ஒரு ஆப்பில் நிமிடக் கணக்காக நேரம் பார்த்துக் கிளம்புவேன், என் நிறுத்தத்தில் வண்டி எப்போதும் சீக்கிரமே போய்விடும். கண்டக்டரிடம் கேட்டால் "நாங்க கரெக்ட் டைம்லதான் ஓடறோம்மா" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று இப்போதுதான் புரிகிறது.

ஒரு சந்தேகம். உங்கள் ஆப் நெட் இல்லாமல் வேலை செய்யுமா? எங்கள் நிறுத்தத்தில் சிக்னல் சுத்தமாக இருக்காது.

ஒற்றைத்தடம்
செய்யும்ங்க. அட்டவணை முழுவதும் ஃபோனிலேயே இருக்கும், நேரலைக்கு மட்டும்தான் நெட் வேண்டும். இதைக் கேப்ஷனில் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை.

காலை_ஷிஃப்ட்
அதைத்தான் முதலில் சொல்லணும்! எனக்கு அந்த ஒரு காரணம் போதும், உடனே போட்டுக்கொள்வேன்.

மணிமொழி_தி
ஸ்டோர் விஷயம் நான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். பாண்டி சொன்னதில் பாதி சரி. பிளே ஸ்டோரில் ஆப்பின் பெயர், ஐகான், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றில் விலை பற்றியோ தரவரிசை பற்றியோ பேசக் கூடாது. ஆகவே பெயரில் "இலவசம்" கூடாது, "நம்பர் 1" கூடாது, ஈமோஜியும் கூடாது. விளக்கத்தில் "இலவசம்" என்று எழுதியதற்காகத் தூக்கிவிட மாட்டார்கள். ஆனால் அங்கே அது எதற்கு? விலை போடாமல் "நிறுவு" பொத்தான் மட்டும் இருக்கும்போதே இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்டாவில் அப்படி ஒரு பொத்தான் இல்லை, அங்கே சொல்லியாக வேண்டும்.

2,200 எழுத்து என்பதும் சரிதான். ஆனால் பட்டியலில் பார்க்கும்போது ஏறத்தாழ 125 எழுத்தோடு மடித்துவிடுவார்கள், மிச்சம் "மேலும்" என்பதைத் தட்டினால்தான். திரை அகலத்துக்கு ஏற்ப அது கொஞ்சம் முன்பின் ஆகும். கேப்ஷனில் போடும் லிங்க் தட்டினால் திறக்காது, வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். லிங்கை முகப்புக் குறிப்பில் வைத்துவிட்டு, அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் வரைவை எண்ணிப் பார்த்தேன். "தெரிந்துகொள்ளுங்கள்" என்ற சொல்லின் நடுவிலேயே 125 முடிந்துவிடுகிறது. "இலவசம்" மடிப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் 70 எழுத்துக்கு மேல் ஆரவாரம்தான், பஸ் நேரம் பற்றி ஒன்றுமே இல்லை.

பரபர_பாண்டி
லிங்க் விஷயம் ஒத்துக்கிறேன், ஸ்டோரிக்கு வர்ற ஸ்டிக்கரோட குழப்பிக்கிட்டேன். ஆனா 125 எழுத்து தமிழுக்கு தாராளம்ங்க. அந்த வரைவு அவ்வளவு நீளமாவா இருக்கு? நான் எண்ணினா குறைவா வருது.

மணிமொழி_தி
நீங்கள் கண்ணால் எண்ணுகிறீர்கள். மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் கணினி தனித்தனியாக எண்ணும்.

```
len("பஸ்")        # 3
len("பேருந்து")   # 8
```

"பேருந்து" நமக்கு நாலு எழுத்து, அதற்கு எட்டு. பிளே ஸ்டோரில் பெயருக்கு 30, சிறு விளக்கத்துக்கு 80. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கிற இடத்தில் நமக்கு முக்கால்வாசியோ அதற்கும் குறைவோதான்.

ஒற்றைத்தடம்
எல்லாவற்றையும் வைத்து முதல் வரியை மாற்றிப் பார்த்தேன்:

> உங்கள் நிறுத்தத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? கால அட்டவணைப்படி நேரம், இலவசமாக.

கண்ணால் எண்ணினால் இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 57. கணினி 82 என்கிறது. இன்ஸ்டா மடிப்புக்குள் வசதியாக அடங்குகிறது. ஸ்டோரின் சிறு விளக்கத்துக்கு இரண்டே எழுத்து கூடுதல். "கால" என்பதை எடுத்தால் 78.

பழைய_டைம்கீப்பர்
"கால"வை எடுக்க வேண்டாம். வெறும் அட்டவணை என்றால் படிக்கிறவர் எந்த அட்டவணையோ என்று ஒரு கணம் தடுமாறுவார். ஸ்டோரில் "இலவசம்" தேவையில்லை என்று மேலே சொன்னார்களே, அதை எடுங்கள். "கால அட்டவணைப்படி நேரம்." என்று முடித்துவிட்டால் 73-தான் வருகிறது.

பரபர_பாண்டி
எல்லாரும் சேர்ந்து கேப்ஷனை அரசு அறிவிப்பு மாதிரி ஆக்கிட்டீங்க. "கால அட்டவணைப்படி"ன்னு முதல் வரியிலயே போட்டா யார் தட்டுவாங்க? அதைக் கீழ தள்ளுங்க. பொய் சொல்லச் சொல்லல, முதல்ல கேள்வி மட்டும் இருக்கட்டும்னு சொல்றேன். "உங்கள் நிறுத்தத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான். நல்லா இருக்குல்ல?

பழைய_டைம்கீப்பர்
கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு மடிப்பைத் திறக்காமலே ஆப்பைப் போட்டுக்கொள்கிறவர், வண்டி இப்போது எங்கே வருகிறது என்பதைத்தான் ஆப் காட்டும் என்று நினைப்பார். பஸ் ஆப் என்றாலே இப்போது மக்கள் எதிர்பார்ப்பது அதுதான்.

மணிமொழி_தி
இதில் நான் பாண்டி பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பதிவோடு போடும் படத்திலேயே "கால அட்டவணை" என்று எழுதியிருந்தால் முதல் வரியில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படத்தில் ஆப் திரையைக் காட்டும்போது வரைபடத்தில் நகரும் வண்டியைப் போடாதீர்கள். கேப்ஷன் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் படம்தான் முதலில் கண்ணில் படும்.

செவிவழி
நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் வைத்துத்தான் இந்த இழையையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம். முதல் வரைவின் கடைசியில் மூன்று பஸ் ஈமோஜி இருக்கிறதே, எனக்கு "பேருந்து பேருந்து பேருந்து" என்று மூன்று தடவை படிக்கும். ஒன்று இருந்தால் பரவாயில்லை, வரியின் கடைசியில் இருக்கட்டும். இரண்டாவது, நேரத்தைப் படத்துக்குள் மட்டும் எழுதினால் எனக்கு வந்து சேராது. மணிமொழி சொன்னபடி "கால அட்டவணை" என்பதைப் படத்துக்கு நகர்த்தினால், எச்சரிக்கை கிடைக்காமல் போகிறவர்களில் நானும் ஒருவன். மாற்று உரை எழுதுங்கள், அல்லது வரியிலேயே வையுங்கள்.

மணிமொழி_தி
சரியான பேச்சு. வரியிலேயே இருக்கட்டும், என் யோசனையை விட்டுவிடலாம்.

பழைய_டைம்கீப்பர்
அந்த நேரலைத் தடங்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஊட்டு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது? 30 விநாடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், வண்டி இருக்குமிடத் தகவல் 90 விநாடிக்கு மேல் பழசாகக் கூடாது என்பது ஜிடிஎஃப்எஸ் நேரலை வடிவத்துக்கான நல்வழக்கம். ஒவ்வொரு வண்டித் தகவலோடும் நேரமுத்திரை வரும், அதை எடுத்து இப்போதைய நேரத்தோடு கழித்துப் பாருங்கள்.

ஒற்றைத்தடம்
இன்று மாலை நெரிசல் நேரத்தில் பார்த்தேன் ஐயா. பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்குள் இருக்கின்றன. ஒரு தடத்தில் மட்டும் சில வண்டிகளின் முத்திரை ஆறேழு நிமிடம் பழையது. வரைபடத்தில் அவை நின்றுகொண்டிருப்பது போலத் தெரிகிறது, நிஜத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய_டைம்கீப்பர்
நின்றிருக்கிறது என்று நினைத்து ஆள் மெதுவாக நடந்து வருவார், வண்டி அவரைத் தாண்டிப் போகும். முத்திரை பழசானால் நேரலைக் குறியை மறைத்துவிட்டு அட்டவணை நேரத்துக்குத் திரும்பிவிடும்படி செய்யுங்கள். அது முடிந்த பிறகு கேப்ஷனில் நேரலை என்ற சொல்லை எழுதலாம், அதுவும் "சில தடங்களில் மட்டும்" என்ற அடைமொழியோடு.

ஒற்றைத்தடம்
செய்துவிடுகிறேன். முழு வரைவு இதோ:

> உங்கள் நிறுத்தத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? கால அட்டவணைப்படி நேரம், இலவசமாக. 🚌
>
> பஸ் நம்பர் அல்லது நிறுத்தத்தின் பெயரைப் போட்டால் போதும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் பார்க்கலாம். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம்.
>
> சில தடங்களில் மட்டும் வண்டி வரும் இடமும் தெரியும். அவற்றுக்குப் பச்சைப் புள்ளி இருக்கும்.
>
> நடு நிறுத்தங்களின் நேரம் தோராயமானது, ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நில்லுங்கள். தவறான நேரம் கண்டால் ஆப்பிலேயே சொல்லலாம். லிங்க் முகப்புக் குறிப்பில்.

பஸ் நம்பரை முன்னால் வைத்ததற்கு @ஜன்னலோரம் காரணம். நான் "வழித்தடம்" என்று எழுதியிருந்தேன், அவர் கேட்டது 47-ஐத்தான்.

செவிவழி
பச்சைப் புள்ளி எனக்கும் பயனில்லை, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் பயனில்லை. ஆப்பில் புள்ளிக்குப் பக்கத்தில் "நேரலை" என்று எழுத்திலும் போட்டுவிட்டு, கேப்ஷனில் "நேரலை என்று குறித்திருக்கும்" என்று மாற்றுங்கள்.

காலை_ஷிஃப்ட்
"ஐந்து நிமிடம்" எங்கிருந்து வந்தது? எங்கள் நிறுத்தத்தில் அது போதாத நாளும் உண்டு.

பழைய_டைம்கீப்பர்
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதுவும் வாக்குறுதி ஆகிவிடும். "சற்று முன்னதாகவே" என்பதோடு நிறுத்துங்கள். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பது, நேரலை வரும் தடங்களில் சில வாரம் பதிவு சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பரபர_பாண்டி
"சற்று முன்னதாகவே"ன்னா யாரும் கேட்க மாட்டாங்க, எண் சொன்னாத்தான் மனசுல நிக்கும். இதுல எனக்கு உடன்பாடு இல்ல, இருந்தாலும் உங்க இஷ்டம். பிளே கன்சோல்ல ஒரே ஆப்புக்கு ரெண்டு சிறு விளக்கத்தை வச்சு சோதிச்சுப் பாக்கலாம். கேள்வி மட்டும் ஒண்ணுல, "கால அட்டவணைப்படி" சேர்த்து இன்னொண்ணுல. எது அதிகமா இறக்கப்படுதுன்னு பார்த்துடலாமே.

மணிமொழி_தி
சோதிக்கலாம். ஆனால் இறக்கியவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாண்டியின் வரிதான் ஜெயிக்கும், அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வாரம் கழித்தும் எத்தனை பேர் ஆப்பை வைத்திருக்கிறார்கள், ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புது ஆப்புக்கு ஆள் வரத்து குறைவாக இருக்கும்போது அந்தச் சோதனை தெளிவான முடிவு தராமலே இழுத்துக்கொண்டும் போகலாம்.

ஒற்றைத்தடம், இன்னொன்று. "எப்போதும் இலவசம்" என்று உற்சாகத்தில் சேர்த்துவிடாதீர்கள். பிளேயில் இலவசமாக விட்ட ஆப்பைப் பிறகு விலைக்கு மாற்ற விடமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் உள்ளே கட்டண வசதியோ விளம்பரமோ சேர்க்கத் தடை இல்லை. சர்வர் செலவு உங்கள் கையிலிருந்துதானே போகிறது? நாளைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியாது.

ஒற்றைத்தடம்
புரிகிறது. "இலவசமாக" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்
முதல் வரியில "அடுத்த பஸ்"னு போட்டிருக்கீங்க. நான் ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவன். ராத்திரி பன்னிரண்டு பத்துக்குப் பாத்தா கடைசி பஸ் காட்டுமா? நான் வச்சிருந்த ஆப்பெல்லாம் பன்னிரண்டு அடிச்சதும் விடியக்காலை வண்டியைக் காட்டும். ஆனா பன்னிரண்டு இருபதுக்கு ஒரு வண்டி நிஜமாவே வரும்.

பழைய_டைம்கீப்பர்
அருமையான கேள்வி. அந்த வண்டி முந்தைய நாள் கணக்கில் இருக்கும். கோப்பில் அதன் நேரம் `24:20:00` என்று இருக்கும், `00:20:00` என்று இருக்காது. நள்ளிரவு தாண்டியதும் ஆப் புதிய தேதியின் ஓட்டங்களை மட்டும் தேடினால் அது கண்ணிலேயே படாது. நேற்றைய தேதியின் ஓட்டங்களில் 24 மணிக்கு மேற்பட்டவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். தம்பி, சோதித்தீர்களா?

ஒற்றைத்தடம்
இப்போது ஃபோனின் கடிகாரத்தை 12.10-க்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். காலை 4.50 வண்டியைத்தான் காட்டுகிறது. இதைத் திருத்தாமல் "அடுத்த பஸ்" என்று எழுத முடியாது. வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன். @ஜன்னலோரம், திருத்திய பதிப்பை முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன், இரவு வண்டிகளை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜன்னலோரம்
அனுப்புங்க. 47-ஐயும் பாத்துச் சொல்றேன்.